கதண்டு கொட்டிய பதினைந்து நிமிடத்துக்குள்: அனாபிலாக்சிஸில் ரத்த ஓட்டம் சரிவது எப்படி?

பிரிட்டனில் அனாபிலாக்சிஸால், அதாவது நிமிடக் கணக்கில் உடல் முழுவதையும் தாக்கும் கடும் ஒவ்வாமையால், இறந்தவர்களின் பதிவுகளைத் தொகுத்து ரிச்சர்ட் பம்ஃப்ரி 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒவ்வாத பொருள் உடலுக்குள் போனதிலிருந்து மூச்சோ இதயமோ நிற்கும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்பது அதில் முக்கியமான கணக்கு. உணவால் வந்ததில் நடுமதிப்பு 30 நிமிடம், பூச்சி கொட்டியதால் வந்ததில் 15 நிமிடம், சிகிச்சையின்போது கொடுத்த மருந்தால் வந்ததில் 5 நிமிடம். உணவு குடலில் கரைந்து ரத்தத்தில் சேர வேண்டும். நரம்பில் ஏற்றிய மருந்துக்கு அந்தத் தாமதம் கிடையாது. கொடுக்கு செலுத்திய விஷம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

நம் ஊர்களில் தென்னை ஏறுபவர்களும் நூறு நாள் வேலையில் புதர் வெட்டுபவர்களும் அதிகம் மாட்டிக்கொள்வது கதண்டு என்ற பெரிய குளவியிடம்தான். அதனால் அதையே எடுத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயது, 60 கிலோ எடை, மரம் ஏறும் தொழிலாளி ஒருவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கதண்டு கொட்டியபோது கை முழங்கைவரை வீங்கியது, இரண்டு நாளில் வடிந்தது. இப்போது கழுத்தில் இரண்டு கொட்டு.

எண்ணிக்கையைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடலாம். கூட்டமாகக் கதண்டு கொட்டினால் விஷத்தின் அளவே உடலைக் கெடுக்கும். தசை சிதையும், சிறுநீர் கருக்கும், சிறுநீரகம் செயலிழக்கும். இதற்கு மணிக்கணக்கிலிருந்து நாள்கணக்கில் ஆகும். அனாபிலாக்சிஸ் அப்படியல்ல. ஒரே கொட்டு போதும், எல்லாம் நிமிடக் கணக்கில் முடியும். 'ஒண்ணுதானே கொட்டுச்சு' என்பது ஆறுதல் ஆகாது.

முதல் கொட்டு செய்துவைத்த ஏற்பாடு

1963-இல் ஜெல், கூம்ஸ் இருவரும் மிகையுணர்வு வினைகளை நான்காக வகுத்தார்கள். நாம் பார்ப்பது முதல் வகை, ஐ.ஜி.இ என்ற எதிர்ப்பொருளால் நடப்பது. விஷத்திலுள்ள பாஸ்போலிப்பேஸ், ஹயலுரானிடேஸ், ஆன்டிஜன் 5 போன்ற புரதங்களுக்கு எதிராக முதல் கொட்டுக்குப் பிறகு சிலருக்கு மட்டும் ஐ.ஜி.இ உருவாகிறது. ரத்தத்தில் இது இரண்டு நாளில் பாதியாகிவிடும். ஆனால் மாஸ்ட் செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். அந்தத் தொழிலாளிக்கு இரண்டு வருடமாக எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் அவருடைய தோல், மூச்சுக்குழாய், குடல், இதயத் தசை எல்லாவற்றிலும் ரத்தக் குழாய்களை ஒட்டி நிற்கும் மாஸ்ட் செல்கள் கதண்டு விஷத்துக்கென்றே தயாராக இருந்தன.

மாஸ்ட் செல்லின் உள்ளே துகள்கள் அடைந்து கிடக்கும். சாயம் போட்டு அவற்றைக் கண்டு, 1878-இல் இந்தச் செல்லுக்குப் பெயர் வைத்தவர் பால் எர்லிக். துகளுக்குள் ஹிஸ்டமின், டிரிப்டேஸ், கைமேஸ், ஹெப்பாரின் ஆகியவை ஏற்கெனவே தயாரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இனிமேல்தான் தயாரிக்க வேண்டும் என்றில்லை. வேகத்துக்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது முறை விஷப் புரதம் வரும்போது, அது பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஐ.ஜி.இ-களை ஒருசேரப் பிடிக்கிறது. ஒன்றை மட்டும் பிடித்தால் எதுவும் நடக்காது. இரண்டை இணைத்தால்தான் அடியிலுள்ள ஏற்பிகள் ஒன்றோடொன்று நெருங்கும். நெருங்கியதும் லின், சிக் என்ற நொதிகள் அடுத்தடுத்து வேலை செய்து, செல்லுக்குள் சேமித்துவைத்த கால்சியத்தைத் திறந்துவிடுகின்றன. அந்தச் சேமிப்பு காலியாவதை உணர்ந்து வெளிச்சவ்விலுள்ள கால்சியம் வழிகளும் திறக்கின்றன. கால்சியம் ஏறியதும் துகள்களின் சவ்வு செல்லின் சவ்வோடு ஒட்டித் திறக்கிறது. பின்னால் இருக்கும் துகள் முன்னால் இருக்கும் துகளோடு ஒட்டி, ஒன்றன் வழியாக ஒன்று கொட்டிவிடுகிறது. ஒரு சில நிமிடத்தில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும்.

அதே கால்சியம் இன்னொரு வேலையையும் தொடங்கிவைக்கிறது. செல் சவ்வின் கொழுப்பிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் டி2, லூக்கோடிரையீன் சி4, பிளேட்லெட்டைத் தூண்டும் காரணியான பி.ஏ.எஃப் ஆகியவை புதிதாகத் தயாராகின்றன. ஹிஸ்டமின் ரத்தத்தில் சில நிமிடமே தாங்கும். ஆனால் அது போன பிறகும் சரிவு நிற்பதில்லை, ஏனென்றால் அடுத்த அலை இவற்றால் வருகிறது. 2008-இல் பீட்டர் வடாஸ் குழு, அனாபிலாக்சிஸ் எவ்வளவு கடுமையோ ரத்தத்தில் பி.ஏ.எஃப் அந்த அளவு கூடியிருப்பதைக் காட்டியது. ஹிஸ்டமினை மட்டும் தடுக்கும் மருந்து ஏன் போதாது என்பதற்கு இதுவே பாதி விடை.

ஐ.ஜி.இ இல்லாமலும் மாஸ்ட் செல் வெடிக்கும் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். வான்கோமைசின், சிப்ரோஃபிளாக்சசின், மயக்க மருத்துவத்தில் பயன்படும் ராகுரோனியம் போன்றவை எம்.ஆர்.ஜி.பி.ஆர்.எக்ஸ்2 என்ற வேறோர் ஏற்பியின் வழியாக அதை நேரடியாகத் தூண்டலாம். அதனால்தான் வாழ்நாளில் முதல்முறை போட்ட ஊசிக்கும் இப்படி நடக்கிறது. சிகிச்சை ஒன்றேதான்.

ரத்தம் எங்கே போகிறது?

மூன்றாவது நிமிடத்தில் அவருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கின்றன. ஐந்தாவது நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, முகம் சிவப்பு, வயிற்றைப் பிசைந்து வாந்தி, மலம் கழிக்க வேண்டும் என்ற அவசரம். எட்டாவது நிமிடத்தில் 'கண்ணு இருட்டுது' என்கிறார். பி.பி. பார்த்திருந்தால் 70/30, நாடி 130 என்று இருந்திருக்கும்.

ஒரு துளி ரத்தம்கூட வெளியே சிந்தவில்லை. பிறகு என்ன ஆயிற்று? இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஹிஸ்டமின், குழாயின் உட்சுவர்ச் செல்களிலுள்ள எச்1 ஏற்பியைப் பிடிக்கிறது. அந்தச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடை விடுகின்றன, குழாய் தளர்ந்து விரிகிறது. சின்னத் தமனிகள் விரிந்தால் தடை குறையும், கீழ் பி.பி. முதலில் இறங்கும். சிரைகள் விரிவதுதான் பெரிய சேதம். உடலின் ரத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சிரைகளில்தான் இருக்கிறது.

60 கிலோ மனிதருக்குச் சுமார் 4.2 லிட்டர் ரத்தம். இதில் பெரும்பகுதி குழாயை நிரப்பி வைக்கத்தான் பயன்படுகிறது. சுவரை இழுத்து அழுத்தம் உண்டாக்கி, இதயத்தை நோக்கித் தள்ளுவது ஏறத்தாழ 30 சதவீதம், அதாவது 1.2 லிட்டர் மட்டுமே. சிரை தளர்ந்து கொள்ளளவு கூடினால் ரத்தம் குறையாமலேயே இந்த 1.2 லிட்டர் கரைந்துவிடுகிறது. சிரைக்கும் வலது இதயத்துக்கும் இடையேயான அழுத்த வேறுபாடு சாதாரண நாளிலேயே 7 மி.மீ. பாதரச அளவுதான். அது 3-க்கு இறங்கினால் திரும்பி வரும் ரத்தம் பாதிக்கும் கீழே போகும்.

இரண்டாவது காரியம் கசிவு. தந்துகியைத் தாண்டி வரும் சிறுசிரைகளின் உட்சுவர்ச் செல்கள் கால்சியம் ஏறியதும் சுருங்கிக்கொள்கின்றன. ஒன்றையொன்று பிடித்திருந்த இணைப்பு விட்டு இடைவெளி விழுகிறது. அதன் வழியே பிளாஸ்மா திசுவுக்குள் போகிறது. தோலில் நாம் பார்க்கும் தடிப்பு இதுவேதான். குடலிலும் குரல்வளையிலும் நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. மயக்க மருத்துவர் மால்கம் ஃபிஷர் 1986-இல் எழுதியபடி, கடுமையான நிலையில் பத்து நிமிடத்துக்குள் குழாயிலுள்ள கனஅளவில் 35 சதவீதம்வரை இப்படி வெளியேறலாம். நம் தொழிலாளிக்கு அது கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். அவ்வளவு வேண்டாம், 800 மி.லி. கசிந்தது என்றே வைத்துக்கொள்வோம். சிவப்பணுக்கள் உள்ளேயே நிற்பதால், ரத்தத்தில் அவற்றின் சதவீதமான ஹிமட்டோகிரிட் 42-இலிருந்து 52 ஆக ஏறும். ரத்தம் கெட்டியாகி இருப்பதைப் பரிசோதனையில் பார்த்து 'ரத்த அளவு நல்லாத்தான் இருக்கு' என்று நினைத்துவிடக் கூடாது.

ஆக, இதயம் கெட்டுப்போகவில்லை, அதற்கு வரவேண்டியது வரவில்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கிய பிறகு ஓடும் மோட்டார்போல அது வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும். ஈ.சி.ஜி.யில் கோடு ஓடும், கழுத்தில் நாடி இருக்காது. இதயத்திலும் மாஸ்ட் செல்கள் இருப்பதால் சிலருக்குக் கரோனரி குழாய் சுருங்கி மாரடைப்பும் சேர்ந்து வரும். ஆனால் பூச்சிக் கடியில் முதல் சில நிமிடங்களில் பெரும்பாலும் கொல்வது இந்தக் காலியான இதயம்தான்.

நாடி எப்போதும் வேகமாகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் எறும்பு விஷ ஒவ்வாமைக்கான சிகிச்சையைச் சோதித்தபோது, கண்காணிப்பில் வைத்தே சிலருக்குக் கொட்டவிட்டுப் பார்த்தார்கள். பி.பி. விழுந்தவர்களுக்கு நாடி முதலில் ஏறியது, சரிவு ஆழமானபோது குறைந்தது. கடுமையாகக் காலியான இதயத்திலிருந்து மூளைக்குப் போகும் அனிச்சைச் செய்தி இதற்குக் காரணமாக இருக்கலாம். எப்படியானாலும், ஊசி போட்டதும் பயத்தில் வரும் சாதாரண மயக்கத்தோடு இது குழம்பும் இடம் இதுதான். பயத்தில் மயங்கியவர் வெளிறி, குளிர்ந்து வியர்த்திருப்பார். படுக்க வைத்ததும் ஓரிரு நிமிடத்தில் தெளிவார். அனாபிலாக்சிஸில் தொடக்கத்தில் தோல் சிவந்து சூடாக இருக்கும், அரிப்பு இருக்கும், படுக்க வைத்தாலும் முழுதாகத் தெளியாது. பத்தில் ஒருவருக்காவது தோலில் ஒன்றுமே தெரியாமல் நேராக பி.பி. விழும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பைக்கில் நடுவே உட்காரவைத்து

இந்த இடத்தில்தான் நம் ஊர்ப் பழக்கம் ஆளைக் கொல்கிறது. விழுந்தவரைத் தூக்கி, பைக்கில் இருவருக்கு நடுவே உட்காரவைத்துப் பறப்பார்கள். மனிதர் நிமிர்ந்ததும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால், அடிவயிற்றுச் சிரைகளுக்கு இறங்கும். நலமாக இருப்பவருக்குச் சிரை சுருங்கி அதைச் சமாளிக்கும். இவருக்குச் சிரை சுருங்கும் நிலையிலேயே இல்லை. மிச்சமிருந்த ரத்தமும் இதயத்துக்கு வராது. பம்ஃப்ரி 2003-இல் வெளியிட்ட அடுத்த கட்டுரையில், மருத்துவமனைக்கு வெளியே அதிர்ச்சி நிலையில் இறந்த சிலர், படுத்திருந்தவர்களாக இருந்து எழுந்து உட்கார்ந்த, அல்லது நிமிர்த்தப்பட்ட சில நொடிகளிலேயே சரிந்ததைப் பதிவுசெய்தார்.

எனவே மரத்தடியிலேயே மல்லாக்கப் படுக்க வைத்து, காலை உயர்த்தி, 108-ஐ அங்கே வரவழைப்பதுதான் சரி. வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவிட வேண்டும், கர்ப்பிணியை இடப்பக்கமாக. மூச்சுத் திணறல் அதிகமாக இருந்து படுக்க முடியாதவரை மட்டும் காலை நீட்டி உட்காரவிடலாம். பி.பி. தேறிவிட்டது என்று சொல்லி நோயாளியைக் கழிவறைக்கு நடக்கவிடுவது மருத்துவமனைக்குள் நடக்கும் அதே தவறு. வண்டி வேண்டுமென்றால் பைக் வேண்டாம், படுக்க வைக்க இடமுள்ள எதுவானாலும் சரி.

அரை மில்லி, தொடையில்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் கை போவது அவில், அதன் பின் டெக்ஸா, ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற ஸ்டீராய்டு. அவில் எச்1 ஏற்பியைத் தடுக்கும், அரிப்பு குறையும், தடிப்பு வாடும். தளர்ந்த சிரையை அது சுருக்காது, பி.ஏ.எஃப்-ஐத் தொடாது, நரம்பில் வேகமாக ஏற்றினால் பி.பி.யை இன்னும் இறக்கவும் கூடும். ஸ்டீராய்டு செல்லின் மரபணு வழியாக வேலை செய்வதால் பலன் தெரிய மணிக்கணக்காகும். பதினைந்து நிமிட நோய்க்கு அது மருந்தாக முடியாது. இரண்டையும் போடக் கூடாது என்று சொல்லவில்லை. அவை முடியட்டும் என்று அட்ரினலினை நிறுத்திவைப்பதுதான் பிழை.

அட்ரினலின் ஆல்ஃபா ஏற்பி வழியாகச் சிரையையும் தமனியையும் சுருக்கி, இதயத்துக்கு வரும் ரத்தத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. குரல்வளை வீக்கத்தையும் குறைக்கிறது. பீட்டா ஏற்பி வழியாக இதயத்தை வலுப்படுத்துகிறது, மூச்சுக்குழாயை விரிக்கிறது. இதையெல்லாம் விட, மாஸ்ட் செல்லுக்குள்ளேயே சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கூட்டி மேலும் துகள் கொட்டுவதை மட்டுப்படுத்துகிறது. நோயின் மூலத்தையும் விளைவையும் ஒருசேரத் தொடும் மருந்து வேறு இல்லை.

அளவு கிலோவுக்கு 0.01 மி.கி., அதிகபட்சம் 0.5 மி.கி. ஆம்பியூலில் 1 மி.லி.யில் 1 மி.கி. இருக்கும், அதாவது 1:1000. பெரியவருக்கு அதில் அரை மில்லி. அப்படியே, கலக்காமல், தொடையின் நடுவில் வெளிப்பக்கத் தசையில். ஊசி ஒரு அங்குல நீளம் இருக்க வேண்டும். அவசரத்தில் இன்சுலின் சிரிஞ்சில் எடுத்துப் போடுவது உண்டு. அந்தக் குட்டை ஊசி தோலடிக் கொழுப்போடு நின்றுவிடும். தோலடியில் அட்ரினலின் தன்னைச் சுற்றியுள்ள குழாய்களையே சுருக்கிக்கொண்டு, அங்கேயே தேங்கும். கனடாவில் எஸ்டெல் சைமன்ஸ் குழு 1998-இல் குழந்தைகளிடம் அளந்தபோது, தொடைத் தசையில் போட்டது சுமார் 8 நிமிடத்தில் ரத்தத்தில் உச்சம் தொட்டது. தோலடியில் போட்டதற்குச் சுமார் 34 நிமிடம் ஆனது. கதண்டின் 15 நிமிடத்தோடு இந்த 34-ஐ வைத்துப் பாருங்கள்.

ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. இடையே பருமனான கேனுலா போட்டு நார்மல் சலைன் 500 முதல் 1000 மி.லி. வேகமாக. சலைனில் கால்பங்குதான் குழாய்க்குள் தங்கும், கசிவு நடக்கும்போது அதுவும் குறையும். ஒரு பாட்டிலோடு நிறுத்திவிட்டு 'டிரிப்ஸ் போயாச்சு' என்பது பத்தாது. சிலருக்குப் பல லிட்டர் தேவைப்படும்.

எதிர்த்திசைப் பிழை ஒன்று உண்டு, அதுவும் ஆபத்தானது: அதே ஆம்பியூல் முழுவதையும் நரம்பில் ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவது. 1 மி.கி. நரம்பில் என்பது இதயம் நின்றவருக்கான அளவு. ஓடிக்கொண்டிருக்கும் இதயத்துக்கு அது கொடுக்கப்பட்டால் பி.பி. உச்சத்துக்கு எகிறும், துடிப்பு தாறுமாறாகும், நுரையீரலில் நீர் கோக்கும். தசையில் இரண்டு முறை போட்டும் பி.பி. வரவில்லை என்றால் மானிட்டரோடு சொட்டு முறையில்தான் போக வேண்டும். பிரிட்டன் வழிகாட்டல்படி 100 மி.லி. சலைனில் 1 மி.கி. கலந்து, கிலோவுக்கு மணிக்கு 0.5 முதல் 1 மி.லி. நம் 60 கிலோ நோயாளிக்கு மணிக்கு 30 மி.லி.யில் தொடங்கினால் நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் போகும்.

அப்படியும் அசையாவிட்டால், பி.பி.க்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று வீட்டாரிடம் கேளுங்கள். அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற பீட்டா தடுப்பான் என்றால் அட்ரினலின் பிடிக்க வேண்டிய இடம் அடைபட்டிருக்கிறது. அந்த ஏற்பியைச் சுற்றிக்கொண்டு போய் சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கூட்டுவது குளூக்ககான். 1 முதல் 5 மி.கி. நரம்பில், ஐந்து நிமிடமாக. வேகமாகத் தள்ளினால் வாந்தி எடுப்பார்.

தேறிய பிறகு

தடிப்பு மறைந்து பி.பி. 110-க்கு வந்ததும் வீட்டுக்கு அனுப்பும் அவசரம் வேண்டாம். மீண்டும் கொட்டாமலேயே இரண்டாவது முறை சரிவு வருவது உண்டு, பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள். ஒரே ஊசியில் விரைவாகத் தேறியவர் வேறு, இரண்டு ஊசி தேவைப்பட்டவரோ இரவில் தொலைதூரக் கிராமத்துக்குத் திரும்ப வேண்டியவரோ வேறு. பின்னவரைக் காலைவரை வைத்திருப்பது நல்லது.

சந்தேகம் இருந்தால் டிரிப்டேஸ் பார்க்கலாம். அது ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சத்தில் இருக்கும், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். அதனால் நான்கு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுப்பது நல்லது. ஒரு நாள் கழித்து அடிப்படை அளவுக்கு இன்னொன்று. அடிப்படை அளவை 1.2-ஆல் பெருக்கி 2 கூட்டினால் வருவதைவிட அப்போதைய அளவு அதிகமாக இருந்தால் மாஸ்ட் செல் வெடித்தது உறுதி. அடிப்படை மி.லி.க்கு 5 நானோகிராம் என்றால் எல்லை 8. அன்று 18 இருந்ததென்றால் பேச்சே இல்லை. உணவால் வந்ததில் இது பலருக்கும் ஏறாது, ஆகவே சாதாரணமாக இருப்பதால் அனாபிலாக்சிஸ் இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

அடிப்படை அளவே 20-க்கு மேல் இருந்து, தடிப்பு இல்லாமல் பி.பி. மட்டும் விழுந்திருந்தால், மாஸ்ட் செல்கள் எண்ணிக்கையிலேயே பெருகியிருக்கும் மாஸ்டோசைட்டோசிஸ் நோயைத் தேட வேண்டும். பூச்சி விஷத்துக்குக் கடுமையாகச் சரிபவர்களில் இது கூடுதலாகவே கிடைக்கிறது. மரம் ஏறுவதை விட முடியாத அந்தத் தொழிலாளிக்கு, மறுபடியும் கொட்டு வாங்கும் வாய்ப்பு நிச்சயம். அவர் கையில் கொடுத்தனுப்ப, தானாகப் போட்டுக்கொள்ளும் அட்ரினலின் பேனா நம் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆம்பியூலும் அங்குல ஊசியும் 2 மி.லி. சிரிஞ்சும் ஒரு டப்பாவில் போட்டு, அரை மில்லிக் கோட்டைக் காட்டி, உடன் வேலை செய்யும் இருவருக்குத் தொடையில் போடப் பழக்கி அனுப்புவதுதான் நடைமுறை. டப்பா வெயில் படாமல் இருக்க வேண்டும். மருந்து பழுப்பாக மாறினால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டும்.